மறுப்புரையில் ஆளை விட்டு வாதத்தைப் பிடிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி, கல்லூரி விவாதப் போட்டிகளுக்குத் தயாராகும் பிள்ளைகளும் அவர்களைத் தயார் செய்யும் ஆசிரியர்களும் மறுப்புரை பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே தலைப்பை எடுத்துக்கொள்கிறேன்: "இந்தியத் தேர்தல்களில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்." நாம் இதை எதிர்த்துப் பேசுகிற அணி. இந்தத் தலைப்பில் இரண்டு பக்கமும் சொல்வதற்கு நிஜமாகவே விஷயம் இருக்கிறது, அதனால்தான் இது.

ஆளைத் தாக்காமல் பேசினால் மறுப்பு சப்பென்று ஆகிவிடாதா?

ஆகாது. சப்பென்று ஆவதற்குக் காரணம் வேறு, அதற்குக் கீழே வருகிறேன். ஆளைத் தாக்கும் மறுப்பில் மரியாதைக் குறைவு இருக்கிறது என்பதை விடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில் சொல்வது ரொம்ப சுலபம்.

நீங்கள் எழுந்து, "வசதியான வீட்டில் வளர்ந்த எதிரணி நண்பருக்குக் கூலித் தொழிலாளியின் கஷ்டம் எப்படித் தெரியும்?" என்று கேட்கிறீர்கள். அரங்கம் கைதட்டுகிறது. அடுத்துப் பேச வருகிறவர், "என் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர்தான்" என்று ஒரே வரி சொல்லிவிட்டுத் தன் அடுத்த பாயிண்டுக்குப் போய்விடுகிறார். முடிந்தது. கூலித் தொழிலாளிகளைப் பற்றி உங்களிடம் ஒரு நல்ல வாதம் இருந்தது, அந்த ஒரு வரியில் அதுவும் சேர்ந்து போய்விட்டது. ஏனென்றால் அந்த வாதம் எதிராளியின் வீட்டு நிலவரத்தின் மேல் நிற்பது போல நீங்களே காட்டிவிட்டீர்கள்.

சரி, அவர் நிஜமாகவே பணக்கார வீட்டுப் பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டாய வாக்களிப்பு நல்லதா கெட்டதா என்பது அதைப் பேசுகிறவரின் வருமானத்தைப் பொறுத்து மாறப் போவதில்லை. உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயத்தை, தெரிந்தாலும் தலைப்புக்கு உதவாத ஒரு விஷயத்தை, உங்கள் மறுப்புக்கு அடித்தளமாக வைத்திருக்கிறீர்கள்.

மறுப்பை மென்மையாக்குவது என்றால் என்ன, குரலைத் தணித்துப் பேசுவதா?

இல்லை. குரல் அப்படியே இருக்கட்டும், சொல்லும் கூர்மையாகவே இருக்கட்டும். அடி எங்கே விழுகிறது என்பதை மட்டும் மாற்றுகிறோம். "அவருக்குப் புரியவில்லை" என்பது ஆளின் மேல் விழுகிறது. "இந்தக் கணக்கு இந்தியாவுக்குப் பொருந்தாது" என்பது வாதத்தின் மேல் விழுகிறது. இரண்டாவது வாக்கியத்தில் தயவு தாட்சண்யம் எதுவும் இல்லை, கவனியுங்கள். சொல்லப்போனால் அதற்குத்தான் எதிரணி அதிகம் பயப்பட வேண்டும், அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்தியாவைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்.

நான் ஆளைத் தாக்குகிறேனா வாதத்தைத் தாக்குகிறேனா என்று எனக்கே எப்படித் தெரியும்? பேசும்போது எல்லாம் நியாயமாகத்தான் படுகிறது.

எழுதிப் பாருங்கள், தமிழில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடு போடுங்கள். "ஆர்" என்றும் "ஈர்கள்" என்றும் முடிகிற ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் நின்று யோசியுங்கள். சொன்னார், குறிப்பிட்டார், எடுத்துக்காட்டினார், ஒப்பிட்டார் போன்றவை மேடையில் நடந்ததைச் சொல்பவை, அவற்றை எல்லோரும் கேட்டார்கள், பிரச்சினை இல்லை. மறைக்கிறார், நடிக்கிறார், ஒப்பிக்கிறார், ஏமாற்றப் பார்க்கிறார் என்பவை அவர் மனசுக்குள் நடப்பதைப் பற்றியவை. அதை நீங்கள் பார்க்கவில்லை, நடுவரும் பார்க்கவில்லை. இந்த இரண்டாவது வகை வந்தால் அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. அதே வாதத்தை உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஆசிரியர் சொல்லியிருந்தால் உங்கள் மறுப்பு அப்படியே செல்லுமா என்று பாருங்கள். "அபராதம் போட்டால் வேலைக்காக வெளியூர் போனவர்தான் முதலில் மாட்டுவார்" என்பது யார் பேசினாலும் செல்லும். "கூகுளில் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்" என்பது செல்லாது, அதில் வாதத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை. கூகுளில் தேடிக் கிடைத்தது சரியான எண்ணாகவும் இருக்கலாம் அல்லவா?

சில வாக்கியங்கள் வாதத்தைப் பேசுவது போலத் தெரியும், ஆனால் உள்ளே ஆள்தான் இருப்பார். "கொஞ்சம் யோசித்தாலே தெரியும்", "சின்னக் குழந்தைக்கும் புரியும்", "இப்படி ஒரு கருத்தைச் சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ" எல்லாம் இந்த ரகம். வினைமுற்றுச் சோதனையில் இவை தப்பிவிடும், அதனால் காதால் கேட்டுப் பிடிக்க வேண்டும். இவற்றைச் சொல்லிப் பழகியவர்களுக்கு இவை வசவாகவே தோன்றாது, அதுதான் சிக்கல்.

ஒரு மறுப்பை எடுத்து முழுசாக மாற்றிக் காட்டுங்களேன். கொள்கையாகச் சொன்னால் பிடிபடவில்லை.

ஆதரவு அணியின் பேச்சாளர் இப்படிச் சொல்லியிருக்கிறார்: "ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் வாக்களித்தவர்கள் 60 சதவீதத்துக்கும் குறைவு. 1924இல் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. 1925 தேர்தலில் 91 சதவீதத்தைத் தாண்டியது. நம் நாட்டில் 2024 மக்களவைத் தேர்தலில் சுமார் 66 சதவீதம்தான். இங்கேயும் ஒரு சிறிய அபராதம் போதும், சோம்பேறித்தனம் போய்விடும்."

நல்ல வாதம்தான். எண்கள் சரியானவை. இதைக் கேட்ட நம் அணி மாணவர் எழுதிய முதல் மறுப்பு இது:

"ஏசி அறையில் உட்கார்ந்து பேசும் நண்பருக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் நிற்கிறவனின் கால் வலி தெரியுமா? ஆஸ்திரேலியக் கணக்கை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார். உழைக்கும் மக்களைச் சோம்பேறி என்று சொல்ல வெட்கமாக இல்லையா?"

இதை வாசித்ததும் குப்பையில் போடத் தோன்றும். போட வேண்டாம். கோபத்தில் எழுதிய வாக்கியத்துக்குள் பெரும்பாலும் ஒரு வாதம் இருக்கும், அதை உரித்து எடுப்பதுதான் வேலை. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, "இதைச் சொல்ல வைத்தது எது?" என்று கேளுங்கள்.

முதல் வாக்கியம்: ஏசி அறையை விட்டுவிடுங்கள். திருப்பூர் ஏன் நினைவுக்கு வந்தது? அங்கே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்பவர்கள் நிறைய. அவர்களில் பலருடைய பெயர் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது. வாக்களிக்க வேண்டுமானால் ரயிலேற வேண்டும். ஆக, இதற்குள் இருக்கும் கருத்து: வாக்களிக்காமல் இருப்பதற்குச் சோம்பேறித்தனம் மட்டுமே காரணம் இல்லை, தூரமும் காரணம்.

இரண்டாவது வாக்கியம்: மனப்பாடத்தை விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியக் கணக்கு ஏன் உறுத்துகிறது? அங்கே சட்டம் மட்டும் தனியாக நிற்கவில்லை. தேர்தல் சனிக்கிழமையில் நடக்கிறது, அஞ்சலில் வாக்களிக்கலாம், முன்கூட்டியே வாக்களிக்கலாம், அதே மாநிலத்துக்குள் வேறு தொகுதியில் இருந்தால் அங்குள்ள சாவடியிலேயே வாக்களிக்கலாம். தகுந்த காரணம் சொன்னால், வாக்களிக்காததற்குப் போடும் 20 டாலர் அபராதமும் கிடையாது. கருத்து: அபராதத்தை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு வசதிகளை அங்கேயே விட்டுவிட்டால் அதே பலன் வராது.

மூன்றாவது வாக்கியம்: வெட்கம். இதற்குள் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அபராதம் யார் தலையில் விழும் என்று. அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அடுக்க வேண்டும். இங்கே நம்மவர்கள் பழைய காலத்திலேயே சொல்லிவைத்த ஒரு வழி உதவும். நன்னூல் ஏழு வகை மதங்களை, அதாவது நூலாசிரியர் எடுக்கும் நிலைப்பாடுகளைச் சொல்கிறது, அதில் ஒன்று "பிறர்தம் மதமேற் கொண்டு களைவு". எதிராளியின் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, அப்புறம் அதை நீக்குவது. மேடையில் இதற்கு அர்த்தம், எதிரணி சொன்னதை அவர்களே தலையாட்டும் அளவுக்கு நேர்மையாகச் சொல்லிவிட்டு மறுப்பைத் தொடங்குவது. அவர்கள் தலையாட்டிவிட்டால் பிறகு "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை" என்று நழுவ முடியாது.

மாற்றி எழுதிய மறுப்பு:

"நடுவர் அவர்களே, ஆஸ்திரேலியாவில் சட்டம் வந்தபின் வாக்குப்பதிவு 60க்குக் கீழிருந்து 91க்கு ஏறியது என்று எதிரணி காட்டியது. அந்த எண் சரி, ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அந்த எண்ணிலிருந்து இந்தியாவுக்கு வரும் பாலம் நிற்காது. அங்கே அஞ்சல் வாக்கு உண்டு, முன்கூட்டிய வாக்கு உண்டு, வேறு தொகுதியில் இருந்தாலும் வாக்களிக்க வழி உண்டு. இங்கே திருப்பூரில் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் ஒடிசாக்காரர் வாக்களிக்க வேண்டுமானால் சொந்த ஊருக்கே போக வேண்டும். வெளியூரிலிருந்து வாக்களிக்கும் இயந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் அறிவித்ததே 2022 டிசம்பரில்தான், அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அவரைத் தடுப்பது சோம்பேறித்தனம் இல்லை, தூரம். அபராதம் தூரத்தைக் குறைக்காது, அவருடைய கூலியைத்தான் குறைக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு விலக்கு கொடுப்போம் என்று எதிரணி சொல்லலாம். கொடுங்கள். அப்படியானால் வாக்களிக்காதவர்களில் ஒரு பெரும் பகுதி சட்டத்துக்கு வெளியே போய்விடும், எதிரணி காட்டிய அந்த ஏற்றமும் அவர்களோடு போய்விடும். தண்டனையா, விலக்கா? எதை எடுத்தாலும் தலைப்பு நிற்கவில்லை."

மறுபடி படித்துப் பாருங்கள், "நிற்காது", "குறைக்காது", "நிற்கவில்லை" என்று கடைசி வரை மறுத்துக்கொண்டேதான் இருக்கிறது. எதிரணி என்ற சொல் வரும் இடங்களில் அவர்கள் சொன்னதும் சொல்லக்கூடியதும் மட்டும்தான் இருக்கிறது. முதலில் எழுதியதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம், இதற்கு அவர்கள் தங்கள் திட்டத்தையே மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். விலக்கு பற்றிய பகுதிதான் இதில் முக்கியம், எதிராளி ஓடக்கூடிய வழியை அவர் ஓடுவதற்கு முன்பே அது அடைக்கிறது. ஏசி அறையைப் பற்றிப் பேசியிருந்தால் அதற்கு நேரமே இருந்திருக்காது.

இதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து செய்யலாம். மேடையில் எதிராளி பேசி முடித்த உடனே நான் எழ வேண்டும். எப்படி?

குறிப்பெடுக்கும் விதத்தை மாற்றுங்கள், முக்கால்வாசி அங்கேயே சரியாகிவிடும். தாளை நடுவில் மடியுங்கள். இடது பக்கம் எதிரணி சொன்னது, வலது பக்கம் நம் பதில். இடது பக்கத்தில் பேச்சாளரின் பெயரையோ "அவர்" என்பதையோ எழுதவே எழுதாதீர்கள், வாதத்தை மட்டும் எழுதுங்கள்: "ஆஸ்: 60→91, அபராதமே காரணம்." வலது பக்கத்தில் பதிலுக்கு முன்னால், வாதத்தின் எந்த இடத்தைப் பிடிக்கப் போகிறீர்கள் என்பதை ஒரு சொல்லில் குறியுங்கள். எண் தப்பா, எண் சரி ஆனால் காரணம் வேறா, காரணமும் சரி ஆனால் இங்கே பொருந்தாதா, எல்லாம் சரி ஆனால் அதைவிடப் பெரிய கெடுதல் வருகிறதா? இந்த நான்கில் ஒன்று இருந்தால் உங்களிடம் மறுப்பு இருக்கிறது. ஒன்றும் இல்லை என்றால் அந்த வாதத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள், ஏனென்றால் பெரும்பாலும் அந்த வெற்றிடத்தில்தான் ஆளைப் பற்றிய கிண்டல் வந்து உட்கார்கிறது. பதில் கையில் இருக்கிறவர் கிண்டல் செய்வது குறைவு, மேடைகளில் கவனித்துப் பாருங்கள்.

அப்புறம், முதல் வாக்கியத்தை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். "எதிரணியின் வாதம் இது" என்று தொடங்கி அதை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். இப்படித் தொடங்கிவிட்டால் அடுத்த வாக்கியம் தானாகவே வாதத்தைப் பற்றித்தான் வரும். "நண்பர் என்னமோ சொன்னார்" என்று தொடங்கினால் அடுத்தது நண்பரைப் பற்றி வரும்.

எதிரணி சொன்ன புள்ளிவிவரம் நிஜமாகவே தப்பு. அப்போதும் "பொய்" என்று சொல்லக் கூடாதா?

தப்பு என்று தாராளமாகச் சொல்லுங்கள், சரியான எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொய் என்ற சொல்லுக்கு இன்னொரு சுமை இருக்கிறது. தெரிந்தே சொன்னார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும், உங்களால் முடியாது. முடியாத ஒன்றைச் சொன்னதும் விவாதம் எண்ணை விட்டுவிட்டு அவருடைய நேர்மைக்குப் போய்விடுகிறது. அங்கே அவருக்குத்தான் அனுதாபம் கிடைக்கும்.

எதிரணி "ஆஸ்திரேலியாவில் எல்லோருமே வாக்களிக்கிறார்கள்" என்றால், "எல்லோரும் இல்லை. 2022 தேர்தலில் அங்கே வாக்குப்பதிவு 90 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. சட்டம் 100 ஆண்டுகளாக இருக்கும் நாட்டிலேயே பத்தில் ஒருவர் வரவில்லை" என்று சொன்னால் போதும். எண் திருத்தப்பட்டது, கூடவே உங்களுக்கு ஒரு பாயிண்டும் கிடைத்தது.

நம் மக்களவையின் நடத்தை விதிகளிலும் இதே கோடுதான் போடப்பட்டிருக்கிறது. விதி 352, இன்னொரு உறுப்பினருக்கு உள்நோக்கம் கற்பித்தோ அவருடைய நேர்மையைச் சந்தேகித்தோ குற்றம்சாட்டிப் பேசக் கூடாது என்கிறது. விவாதத்துக்கு அது கட்டாயம் தேவைப்பட்டால், அதுவே விவாதப் பொருளாக இருந்தால், விலக்கு உண்டு. அந்த விலக்கும் நல்ல விலக்கு, அதற்கு அடுத்த கேள்வியிலேயே வேலை வருகிறது.

பேசுகிறவருடைய பின்னணியே விஷயமாக இருந்தால் என்ன செய்வது? அதையும் தொடக் கூடாது என்றால் நியாயமில்லையே.

நியாயமில்லைதான், அதனால் தொடலாம். அவர் எதை நம்பச் சொல்கிறார் என்று பாருங்கள். காரணத்தையும் ஆதாரத்தையும் கொடுத்து வாதம் செய்தால் அவர் யார் என்பது தேவையில்லை. "நான் வாக்குச்சாவடியில் வேலை பார்த்திருக்கிறேன், என் கண்ணால் பார்த்தேன், நம்புங்கள்" என்றால் அவர் வாதி என்ற இடத்திலிருந்து சாட்சி என்ற இடத்துக்கு வந்துவிட்டார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். எந்தச் சாவடி, எத்தனை தேர்தல், ஒரு சாவடியில் பார்த்ததை நாடு முழுவதற்கும் விரிக்க முடியுமா என்று கேளுங்கள். அப்போதும் கேள்வி அவருடைய குணத்தைப் பற்றியதாக இருக்க வேண்டாம், அவர் பார்த்தது எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பற்றியதாக இருக்கட்டும்.

மேற்கோள்களுக்கும் இதே அளவுகோல்தான். ஓர் அமைப்பின் அறிக்கையை ஆதாரமாகக் காட்டினால், அந்த அமைப்புக்கு இந்த விஷயத்தில் ஆதாயம் உண்டா என்று கேட்பது முறையான மறுப்பு. அறிக்கையைக் காட்டிய மாணவரைக் "கைக்கூலி" என்பது மறுப்பே இல்லை.

எதிரணியின் முதல் பேச்சாளர் ஒன்று சொன்னார், மூன்றாமவர் வேறு சொல்கிறார். "மாற்றிப் பேசுகிறார்கள்" என்பது தாக்குதலா?

இல்லை, முரண்பாட்டைக் காட்டுவது மறுப்பின் மிக வலுவான வடிவங்களில் ஒன்று. இரண்டு கூற்றுகளையும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: "முதல் பேச்சாளர், அபராதம் இல்லாமல் சட்டம் பயன்படாது என்றார். மூன்றாம் பேச்சாளர், அபராதத்தை யாரிடமும் வசூலிக்கப் போவதில்லை என்றார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது, எது உங்கள் நிலைப்பாடு?" இங்கேயே நிறுத்திவிடுங்கள். "நாக்கா தாம்புக்கயிறா" என்று தொடர ஆசை வரும். தொடர்ந்தால் நடுவர் மனதில் முரண்பாடு மங்கிக் கேலிதான் நிற்கும்.

மென்மையாக்கியதில் ரொம்ப மழுங்கிப் போய்விட்டது என்கிறார் என் ஆசிரியர். எங்கே தப்பு?

பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது, தொடக்கத்தில் பாராட்டு மழை. "எதிரணி நண்பர் மிக அருமையாக, அற்புதமாகப் பேசினார், அவருடைய கருத்துக்குத் தலைவணங்குகிறேன், ஆனாலும்..." என்று ஆரம்பித்தால் அந்த "ஆனாலும்" வரும்போது நடுவர் எதிரணிக்கு மதிப்பெண் போட்டு முடித்திருப்பார். ஏற்றுக்கொள்ள வேண்டியது எதுவோ அதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், மேலே "அந்த எண் சரி" என்று சொன்னது போல ஒரு சின்ன வாக்கியம் போதும்.

இரண்டாவது, தயக்கச் சொற்கள். "ஒருவேளை", "எனக்கு என்னவோ", "இப்படியும் பார்க்கலாமோ", "தவறாக நினைக்க வேண்டாம்". ஆளை விட்டுவிட்டோம் என்பதற்காக வாதத்திடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. "ஆஸ்திரேலியக் கணக்கு ஒருவேளை நமக்குச் சரிவராமல் போகலாம்" என்பதற்கும் "ஆஸ்திரேலியக் கணக்கு இங்கே செல்லாது" என்பதற்கும் எதிராளியின் மனசு படும் பாட்டில் வித்தியாசமே கிடையாது, நடுவரின் தாளில் மட்டும் நிறைய வித்தியாசம். உங்களுக்கே உறுதியில்லாத இடத்தில் தயக்கச் சொல் போடுங்கள், அது நேர்மை. உறுதியாகத் தெரிந்த இடத்தில் போட்டால் பலவீனம்.

மூன்றாவது இருப்பதிலேயே மோசம். வாதத்துக்குப் பெயர் சொல்லாமல் பொதுவாக மறுப்பது. "சில கருத்துகளில் எங்களுக்கு உடன்பாடு இல்லை" என்றால் எந்தக் கருத்து, ஏன் இல்லை? யாரையும் நோகடிக்கவில்லை என்பது உண்மைதான், எதையும் மறுக்கவும் இல்லை.

பட்டிமன்றத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் வாருகிறார்களே? அது மட்டும் சரியா?

அது வேறு கலை. பட்டிமன்ற மேடையில் இருப்பவர்கள் பல காலமாக ஒன்றாகப் பயணம் செய்கிறவர்கள், வாரப்படுகிறவரே முதலில் சிரிப்பார், நடுவரும் சேர்ந்து வாருவார், வந்திருக்கும் கூட்டமும் அதற்காகவே உட்கார்ந்திருக்கும். அங்கே யாருக்கும் மதிப்பெண் கிடையாது. அதைப் பார்த்து வளர்ந்த மாணவர்கள் அதே பாணியைப் போட்டி மேடைக்குக் கொண்டுவரும்போதுதான் சிக்கல். முன்பின் தெரியாத வேறு பள்ளி மாணவியின் உச்சரிப்பையோ உடையையோ வைத்து நகைச்சுவை செய்கிறார்கள், அவர் சிரிக்க முடியாமல் நிற்கிறார். நகைச்சுவை வேண்டுமானால் வாதத்தை வைத்தே செய்யுங்கள். "அபராதத்துக்குப் பயந்து வருகிறவர் பெரும்பாலும் நோட்டாவைத்தான் அழுத்துவார், 2013 முதல் அந்தப் பொத்தானும் இருக்கிறது, பிறகு இவ்வளவு பேரைக் கூட்டி வந்து எதைத் தேர்ந்தெடுத்தோம்?" என்றால் கூட்டமும் சிரிக்கும், எதிரணி பதில் சொல்லவும் வேண்டும்.

இதற்கு மதிப்பெண் உண்டா, இல்லை வெறும் நாகரிகமா?

உண்டு. உலகப் பள்ளிகள் பாணி விவாதத்தில் பொருளடக்கத்துக்கு 40, வெளிப்பாட்டுக்கு 40, உத்திக்கு 20 என்று பிரித்துப் போடுகிறார்கள். ஆளைத் தாக்கும் வாக்கியம் பொருளடக்கத்தில் எதையும் சேர்க்காது, வெளிப்பாட்டில் குறையும், அதற்குச் செலவான நேரம் உத்தியில் குறையும். நம் ஊர்ப் போட்டிகளில் இவ்வளவு துல்லியமான தாள் இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் "கருத்து" என்று ஒரு கட்டம் எங்கேயும் இருக்கும், அந்தக் கட்டத்தை வசவால் நிரப்ப முடியாது.

கை, கண், பார்வை பற்றி ஏதாவது?

நடுவரைப் பார்த்துப் பேசுங்கள். எதிரணியைப் பார்த்து விரல் நீட்டினால் எவ்வளவு நல்ல வாக்கியமும் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். "நீங்கள்" என்பதற்குப் பதில் "எதிரணி" என்று சொல்லிப் பழகினால் முகம் தானாகவே நடுவர் பக்கம் திரும்பும். நேரடியாகக் கேள்வி கேட்கும்போது மட்டும் அவர்கள் பக்கம் திரும்பலாம்.

எல்லாம் சரி, எதிரணி என்னைத் தனிப்பட்ட முறையில் தாக்கினால்?

ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டு வாதத்துக்குத் திரும்புங்கள். "என்னைப் பற்றிச் சொன்னது தலைப்புக்குத் தேவையில்லாதது. வெளியூர்த் தொழிலாளி எப்படி வாக்களிப்பார் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை." இந்த இரண்டாவது வாக்கியம் கட்டாயம் வேண்டும். அவர்கள் உங்களைத் தாக்கச் செலவழித்த நேரத்தில் எதற்குப் பதில் சொல்லாமல் விட்டார்கள் என்பதை நடுவருக்குக் காட்டுவது அதுதான்.

தாக்குதல் சாதி, மதம், நிறம், உடல், குடும்பம் ஆகியவற்றைத் தொட்டால் கதை வேறு. அதை நீங்கள் சாமர்த்தியமாகச் சமாளிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பேச்சை நிறுத்தி, "நடுவர் அவர்களே, இதை நீங்கள் கவனிக்க வேண்டும்" என்று சொல்லுங்கள், நேரக் கணக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இடத்தில் தலையிடுவது நடுவருடைய பொறுப்பு. போட்டி முடிந்த பிறகு உங்களுடன் வந்த ஆசிரியர் அமைப்பாளர்களிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், வாய் வார்த்தையாகச் சொன்னால் அடுத்த வருடம் அதே அணி அதே மேடையில் அதையே செய்யும்.